பாட்டி எங்கே இருக்க வேண்டும்? ஐந்து நிமிட அனிமேஷன் கதைக்கு மூன்று விதமான ஸ்கிரிப்ட்

பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறார், அந்தக் கதை படமாக விரிகிறது, மொத்தம் ஐந்து நிமிடம். இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்காருகிறவர்கள் எல்லோரும் முதலில் கதையைத்தான் தேடுவார்கள். கதை கிடைத்துவிடும், அது பெரிய பாடில்லை. பாடு அதற்கு அப்புறம் வருகிறது. பாட்டியை எங்கே வைப்பது? திரையில் காட்டுவதா, குரலாக மட்டும் வைப்பதா, பிள்ளைகளைப் பேச விடுவதா? இதை முடிவு செய்யாமல் எழுதிய ஸ்கிரிப்ட் கடைசியில் ஏழு நிமிடத்துக்குப் போய் நிற்கும். எனக்கு ஒரு தடவை அப்படி நின்றது.

பாட்டியை வைக்க மூன்று வழி உண்டு. முதல் வழியில் பாட்டியும் பிள்ளைகளும் ஆரம்பத்தில் வருவார்கள், முடிவில் வருவார்கள், நடுவில் கதை மாந்தர்கள் தாங்களே பேசிக்கொள்வார்கள். இரண்டாவது வழியில் படம் முழுக்கப் பாட்டியின் குரல் ஒன்றுதான், எல்லாப் பாத்திரத்துக்கும் அவரே பேசுவார். மூன்றாவது வழியில் பாட்டி சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் குறுக்கே புகுந்து கேள்வி கேட்பார்கள், அதற்கு ஏற்பக் கதையும் படமும் வளையும். மூன்றையும் ஒரே கதையில் போட்டுப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். நான் எடுத்துக்கொள்வது பலரும் ஏதோ ஒரு வடிவில் கேட்டிருக்கக்கூடிய குருவிக் கதை.

குருவியின் வாயிலிருந்த தானிய மணி ஒரு மரக்கட்டையின் விரிசலில் விழுந்துவிடுகிறது. தச்சனிடம் போய்க் கட்டையைப் பிளக்கச் சொல்கிறது. மாட்டேன் என்கிறான். தச்சனைத் திட்டச் சொல்லி ராஜாவிடம் போகிறது. அவரும் மாட்டேன் என்கிறார். ராஜாவைக் கடிக்கச் சொல்லிப் பாம்பிடம், பாம்பை அடிக்கச் சொல்லித் தடியிடம், தடியை எரிக்கச் சொல்லித் தீயிடம், தீயை அணைக்கச் சொல்லித் தண்ணீரிடம், தண்ணீரைக் குடிக்கச் சொல்லி யானையிடம், யானையின் தும்பிக்கைக்குள் நுழையச் சொல்லி எறும்பிடம். எறும்பு மட்டும் சரி என்கிறது. உடனே யானை பயந்து தண்ணீரிடம் ஓட, தண்ணீர் பயந்து தீயிடம் ஓட, சங்கிலி தலைகீழாக அவிழ்ந்து தச்சன் கட்டையைப் பிளக்கிறான். யாரும் யாரையும் கடைசிவரை ஒன்றும் செய்வதில்லை, பயம் மட்டும் கை மாறிக்கொண்டே போகிறது. கதையின் அழகே அதுதான்.

இந்த வகைக் கதைக்குச் சங்கிலிக் கதை என்று பெயர். நாட்டார் கதைகளுக்கு எண் போட்டு வகைப்படுத்தும் ஆர்னே–தாம்சன்–ஊத்தர் பட்டியலில் 2000 முதல் 2100 வரையிலான எண்களை இந்த வகைக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். உலகம் முழுக்கப் பாட்டிகள் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் அனிமேஷனுக்கு எழுதும்போது இந்தக் கதையில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொருவரிடம் போகும்போதும் குருவி அதுவரை நடந்ததை எல்லாம் ஒப்பிக்க வேண்டும். அந்த ஒப்பித்தல்தான் பிள்ளைகளுக்குக் குஷி. நேரத்தைத் தின்பதும் அதுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிடம் என்றால் 300 விநாடி. தலைப்புக்கு 10, கடைசியில் பெயர்கள் ஓட 20 போனால் கதைக்கு 270. எட்டுப் பேரிடம் குருவி போகிறது என்றால், முதல் ஆளிடம் ஒப்பிக்க ஒன்றுமில்லை, இரண்டாவது ஆளிடம் ஒரு வரி, மூன்றாவது ஆளிடம் இரண்டு வரி, இப்படியே எட்டாவது ஆளிடம் ஏழு வரி. கூட்டினால் 28 வரி. ஒரு வரி சொல்ல இரண்டு விநாடி என்றால் 56 விநாடி ஒப்பித்தலுக்கே போகிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் பறந்து வந்து உட்கார, கேட்க, மறுக்க 15 விநாடி என்றால் எட்டுக்கு 120. தொடக்கத்துக்கு 25, மணி விழுவதற்கு 30, தலைகீழாக அவிழ 33, முடிவுக்கு 25. மொத்தம் 289. மூச்சு விட ஒரு விநாடிகூட விடாமலேயே 19 விநாடி அதிகம்.

அதனால் இரண்டு பேரை வெட்ட வேண்டும். நான் வெட்டுவது பாம்பையும் தடியையும். ராஜாவைக் கடிப்பதற்குப் பதிலாக, அரண்மனையின் ஓரத்தைக் கொஞ்சம் சுடச் சொல்லிக் குருவி நேராகத் தீயிடமே போய்விடட்டும். இப்போது தச்சன், ராஜா, தீ, தண்ணீர், யானை, எறும்பு என்று ஆறு பேர். ஒப்பிக்கும் வரிகள் 28-லிருந்து 15 ஆகிவிடும், அதாவது 30 விநாடி. சந்திப்புகளுக்கு 90, அவிழ்வதற்கு 25. மொத்தம் 225 விநாடி, கையில் 45 விநாடி மிச்சம். சங்கிலிக் கதையில் ஒரு கண்ணியை எடுத்தால் ஒரு காட்சி மட்டும் குறைவதில்லை, அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு ஒப்பித்தலிலும் ஒரு வரி குறைகிறது. இது தெரியாமல் வசனத்தைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து அலுத்துப்போகிறவர்கள் உண்டு.

அந்த 45 விநாடியை யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் மூன்று வழிகளும் பிரிகின்றன.

முதல் வழியில், பாட்டியும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கும் அறையை நிறுவ வேண்டும். யார் பாட்டி, யார் பெரியவன், யார் சின்னவள், ஏன் இன்றைக்கு இந்தக் கதை என்பதையெல்லாம் காட்ட 40 விநாடிக்குக் குறைந்து முடியாது. திரும்பி வந்து முடிக்க இன்னொரு 35. ஆக 75 விநாடி. மேலே சொன்ன 225-இல் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஏற்கெனவே ஐம்பது வைத்திருந்தோம், அதனால் மிச்சம் 45-லிருந்து 20-க்கு இறங்குகிறது. அந்த இருபதும் பேச்சுக்கு நடுவில் எங்கெங்கோ கரைந்துவிடும்.

நேரம்கூடப் பரவாயில்லை, வேலை இன்னும் கனமானது. திரையில் ஒருவர் வாய் திறந்து பேசினால் உதட்டசைவு பொருந்த வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படத்தில் ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினாலும் விநாடிக்கு 12 ஓவியம் வேண்டும். பேசும் முகத்துக்கு உதட்டு வடிவங்களைத் தனியாக வரைந்து, ஒலிக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே வர வேண்டும். அதோடு பாட்டி, இரண்டு பிள்ளைகள், ஒரு அறை எல்லாவற்றையும் வடிவமைத்து 75 விநாடிக்கு மட்டும் பயன்படுத்தப் போகிறோம். உள்ளே இருக்கும் கதைக்கு ஏழு பாத்திரம் தனியாக இருக்கிறது. இரண்டு படத்துக்கான வேலையை ஒரு படத்துக்குள் திணிப்பது இது.

ஆனால் இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு, அது எழுதிப் பார்த்தால்தான் தெரியும். தண்ணீரிடம் குருவி வரும் இடத்தை முதல் வழியில் எழுதினால் இப்படி இருக்கும்:

படம்: வாய்க்கால். குருவி கரையிலிருக்கும் கல்லில் வந்து உட்காருகிறது.
குருவி: தண்ணீரே, தண்ணீரே! தீ அரண்மனையைச் சுடமாட்டேங்குது, ராஜா தச்சனைத் திட்டமாட்டேங்கிறாரு, தச்சன் கட்டையைப் பிளக்கமாட்டேங்கிறான். நீ வந்து தீயை அணைப்பியா?
தண்ணீர்: மாட்டேன். தீ எனக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு?

படித்தால் சரியாகத்தான் இருக்கிறது. படமாகப் பாருங்கள். ஒரு குருவி வாய்க்காலிடம் மனு எழுதிப் படிப்பது போல நிற்கும். பாட்டி ஒப்பிக்கும்போது அது பாட்டு மாதிரி ஒலிக்கிறது, ஏனென்றால் அது கதை சொல்கிறவரின் விளையாட்டு, கேட்கிற பிள்ளைகளுக்காகச் சொல்வது. அதே வரிகளைப் பாத்திரத்தின் வாயில் வைத்தவுடன் அது வசனமாகிவிடுகிறது. வசனம் என்றால் ஒரு காரணம் வேண்டும். தச்சன் என்ன சொன்னான் என்பது தண்ணீருக்கு எதற்கு? பார்க்கிற குழந்தைக்கு இதை விளக்கத் தெரியாது, ஆனால் நான்காவது சந்திப்பில் கண் வேறு பக்கம் போய்விடும். ஒப்பித்தலை வெட்டினாலோ சங்கிலிக் கதையின் உயிரே போயிற்று.

இன்னொன்று, முடிவில் பாட்டியிடம் திரும்பும்போது பார்க்கிறவர்கள் அவரை மறந்தே போயிருப்பார்கள். மூன்றே கால் நிமிடம் காணாமல் போனவர் திடீரென்று வந்தால், நீதி சொல்லத்தான் வருகிறார் என்று ஆகிவிடும். எழுதுகிறவருக்கும் அந்த இடத்தில் கை தானாக நீதிக்குப் போகும்.

அப்படியானால் முதல் வழியே வேண்டாமா என்றால், வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும் நடுவிலேயே ஒரு கதை இருக்கும்போது. பிள்ளைகள் இரண்டு பேரும் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறார்கள், அதனால்தான் பாட்டி இந்தக் கதையை எடுக்கிறார் என்றால் அறைக்குப் போவது வீணல்ல. ஆனால் அப்போது உள்ளே வைக்கும் கதை இரண்டே பாத்திரமும் ஒரே இடமும் உள்ள சின்னக் கதையாக இருக்க வேண்டும். ஆறு கண்ணி உள்ள சங்கிலியை அங்கே கொண்டுபோகக் கூடாது.

இரண்டாவது வழி, பாட்டியின் குரல் மட்டும். செலவும் வேலையும் இதில்தான் குறைவு. பேசுகிறவர் திரையில் இல்லை, எனவே உதட்டசைவே கிடையாது. ஒருவர் குரலைப் பதிவு செய்தால் போதும். வேறு மொழிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றாலும் குரலை மட்டும் மாற்றினால் ஆயிற்று.

தமிழில் இந்த வழிக்கு இன்னொரு வசதி இருக்கிறது. "ஒரு குருவி இருந்துச்சாம்" என்று சொன்னாலே யாரோ கதை சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடுகிறது. அந்த "ஆம்" ஒட்டிலேயே பாட்டி உட்கார்ந்திருக்கிறார். முதல் வழியில் 40 விநாடி செலவழித்து அறையும் பாயும் காட்டி நிறுவுவதை இந்த ஓர் ஒட்டு முதல் வாக்கியத்தின் கடைசியில் நிறுவிவிடுகிறது. "இருந்தது" என்று எழுதினால் அறிவிப்பாளர் குரல், "இருந்துச்சாம்" என்றால் பாட்டி. ஆனால் எல்லா வாக்கியத்தையும் ஆம், ஆம் என்று முடித்தால் தாலாட்டு ஆகிவிடும். நன்றாகக் கதை சொல்கிறவர்களைக் கவனித்தால், விறுவிறுப்பு ஏறும் இடத்தில் அவர்கள் அந்த "ஆம்" ஒட்டை விட்டுவிடுவது தெரியும். "போச்சாம், கேட்டுச்சாம்" என்று வந்தவர் எறும்பு சம்மதித்த நிமிடத்திலிருந்து "கிளம்புச்சு, யானை பதறுச்சு, ஓடுச்சு" என்று மாறிவிடுவார். ஸ்கிரிப்டிலும் அந்த இடத்தில் மாற்றி எழுதுங்கள். நடிப்பவரிடம் வேகமாகச் சொல்லுங்கள் என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்காது.

இந்த வழியில் எவ்வளவு பேசலாம்? கடிகாரத்தை வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்துப் பார்த்ததில், குழந்தைகளுக்குச் சொல்லும் நிதானத்தில் எனக்கு நிமிடத்துக்குத் தொண்ணூறு சொல் வரை வருகிறது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை, "பிளக்கமாட்டேன்னுட்டான்" என்பது ஒரே சொல். ஆங்கிலத்துக்குச் சொல்லும் சொற்கணக்கை அப்படியே எடுத்துக்கொண்டால் பாட்டிக்கு மூச்சு வாங்கும். 270 விநாடியில் அறுபது சதவீதத்துக்கு மேல் பேச்சு வேண்டாம் என்று வைத்தால் 162 விநாடி, சுமார் 240 சொல். ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான் மொத்தக் குரல் பகுதியும்.

தண்ணீர்க் காட்சி இப்போது இப்படி மாறுகிறது:

பாட்டி குரல்: அப்புறம் தண்ணிகிட்டப் போச்சாம்.
படம்: குருவி அலகைத் திறந்து திறந்து பேசுகிறது, சத்தம் இல்லை. தலைக்கு மேலே மூன்று சின்ன உருவங்கள் ஒவ்வொன்றாகத் தோன்றுகின்றன: தீ, ராஜா, தச்சன். மூவரும் ஒன்றுபோலத் தலையாட்டி மறுக்கிறார்கள்.
பாட்டி குரல்: தண்ணி நின்னுகூடக் கேக்கலையாம். "எனக்குப் பாயுற வேலை இருக்கு, போ"ன்னுச்சாம்.

ஒப்பித்தலைப் படம் எடுத்துக்கொண்டது, பாட்டி புதிதாக உள்ளதை மட்டும் சொல்கிறார். இதுதான் இந்த வழியின் ஒரே சட்டம். கண்ணுக்குத் தெரிவதைக் குரல் சொல்லக் கூடாது. குருவி பறக்கும்போது "குருவி பறந்து போச்சாம்" என்று சொன்னால் இரண்டில் ஒன்று தண்டம். இதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. ஸ்டோரிபோர்டு ஓவியங்களை வரிசையாக ஓடவிட்டு, தற்காலிகக் குரலோடு சேர்த்து அனிமேட்டிக் தயாரிப்பார்கள் அல்லவா, அதை ஒருமுறை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், இன்னொருமுறை கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டு தடவையும் கதை முழுசாகப் புரிந்தால் எங்கேயோ இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

பின்னே இந்த வழியில் என்ன குறை? இரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு குரல் ஒரே மட்டத்தில் போகிறது. பாட்டி யாருக்குச் சொல்கிறார் என்பது மறந்துபோகிறது. பேரப்பிள்ளைகள் ஸ்கிரிப்டின் முதல் பக்கத்தில் பெயராக மட்டும் இருக்கிறார்கள், படத்தில் இல்லை. சங்கிலி அவிழும் இடத்தில் படம் தானாக ஓட வேண்டும், அங்கே பாட்டி பேசினால் இடைஞ்சல், பேசாவிட்டால் இருபத்தைந்து விநாடி அவரைக் காணோம்.

மூன்றாவது வழி இந்தக் குறையைத்தான் நிரப்புகிறது. பாட்டி சொல்லச் சொல்லப் பிள்ளைகள் உம் கொட்டுகிறார்கள், குறுக்கே கேட்கிறார்கள், தெரிந்த இடம் வந்தால் தாங்களே சொல்கிறார்கள். நேரில் கதை சொல்லும்போது நடப்பது இதுதான். ஆனால் இதை எழுதுகிறவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு, ஒவ்வொரு தடவை பிள்ளை பேசும்போதும் படத்தை அறைக்குத் திருப்புவது. அறைக்குப் போனால் முதல் வழியின் செலவெல்லாம் மறுபடி வந்து சேரும், கதையும் அறுந்து அறுந்து போகும். பிள்ளைகளின் குரல் மட்டும் வரட்டும், படம் கதைக்குள்ளேயே இருக்கட்டும். அந்தக் கேள்விக்குப் படம்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதே தண்ணீர்க் காட்சி:

பாட்டி குரல்: நேரா தண்ணிகிட்டப் போச்சாம். தண்ணி சொல்லுச்சாம்...
சின்னவள் குரல்: பாட்டி, தண்ணி எப்படிப் பேசும்? அதுக்குத்தான் வாயே இல்லையே.
படம்: ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் அப்படியே நிற்கிறது. குருவி தண்ணீரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எட்டிப் பார்க்கிறது.
பாட்டி குரல்: அது வாய்க்கால் தண்ணிடி கண்ணு. வாய் இல்லாம இருக்குமா?
படம்: இரண்டு கரையும் மெல்ல உதடுகளாக விரிகின்றன.
பாட்டி குரல்: "மாட்டேன்"னுச்சாம்.

குறுக்கீடு மூன்று விநாடி. கிடைத்தது என்ன என்று பாருங்கள். பிள்ளைக்கு நியாயமான சந்தேகம், பாட்டிக்கு ஒரு குறும்பு, தண்ணீருக்கு ஒரு வடிவம். அனிமேட்டருக்கும் ஆதாயம், தண்ணீர் நிற்கும் அந்த மூன்று விநாடிக்கு ஏறக்குறைய ஒரே ஓவியத்தை நிறுத்தி வைக்கலாம், குருவியின் கழுத்து மட்டும் அசைந்தால் போதும். (வாய்க்கால் விளையாட்டு வேறு மொழிக்குப் போகாது என்பது உண்மை. படம் பல மொழியில் ஓட வேண்டும் என்பது முதல் நிபந்தனையாக இருந்தால் இந்த மாதிரி இடங்களை விட்டுவிட்டு இரண்டாவது வழிக்கே போய்விடலாம்.)

ஒப்பித்தலும் இங்கே வேறு மாதிரி ஆகிறது. சங்கிலிக் கதையில் மூன்றாவது சந்திப்புக்குள் பிள்ளைகளுக்கு வரிகள் மனப்பாடம் ஆகிவிடும். எனவே முதல் இரண்டு ஒப்பித்தலைப் பாட்டி சொல்லட்டும். தண்ணீரிடம் வரும்போது பெரியவன் கூடச் சேர்ந்துகொள்ளட்டும். யானையிடம் வரும்போது பாட்டி ஆரம்பித்துவிட்டு நிறுத்திவிடுவார், பிள்ளைகள் தொடர்வார்கள். எறும்பிடம் சின்னவள் ஒரே மூச்சில் ஐந்து வரியையும் தப்பும் தவறுமாகக் கொட்டுவாள். பாட்டிக்குப் பத்து விநாடி ஆகும் வரிகள் அவளுக்கு ஆறு விநாடி. முதல் வழியில் குருவியின் மனுவாக இருந்தது இங்கே பிள்ளைகளின் விளையாட்டாக மாறிவிட்டது, நேரமும் மிச்சம்.

அவள் ஒரு வரியை மாற்றிச் சொல்லட்டும் என்று நான் வைத்தேன். "யானை தச்சனைக் குடிக்கமாட்டேங்குது" என்று சொல்கிறாள், படத்தில் ஒரு விநாடிக்கு யானை தச்சனைத் தும்பிக்கையால் உறிஞ்சப் பார்க்கிறது, தச்சன் தொப்பென்று விழுகிறான், பெரியவன் சிரிக்கிறான். ஸ்கிரிப்டை வாசித்துக் காட்டியபோது எல்லோரும் சிரித்த ஒரே இடம் அதுதான்.

இந்த வழிக்கு என்ன ஆபத்து என்றால், ருசி கண்டுவிடும். என் முதல் வரைவில் ஒன்பது குறுக்கீடு இருந்தது. அனிமேட்டிக் 6 நிமிடம் 20 விநாடி ஓடியது, குருவி எங்கே போகிறது என்றே தெரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எடுத்தபின் படத்தில் ஒன்றும் மாறவில்லை என்றால் அந்தக் குறுக்கீடு பேச்சுதானே தவிரக் கதை இல்லை. "அப்புறம் என்னாச்சு பாட்டி?" நான்கு தடவை இருந்தது, நான்கும் போயிற்று. ராஜாவுக்கு மீசை உண்டா என்ற கேள்வி நின்றது, ஏனென்றால் அதைக் கேட்டவுடன் ராஜாவுக்கு மீசை முளைக்கிறது, அதன்பிறகு படம் முழுக்க அந்த மீசையோடே வருகிறார். கடைசியில் நான்கு குறுக்கீடு தங்கியது. ஐந்து நிமிடத்துக்கு அதற்கு மேல் தாங்காது என்பது என் எண்ணம்.

குரல் பதிவிலும் ஒரு வம்பு வரும். பாட்டியை ஒரு நாளும் பிள்ளைகளை இன்னொரு நாளும் பதிவு செய்தால் குறுக்கீடு குறுக்கே வந்த மாதிரி இருக்காது, முறை வைத்துப் பேசுவது போல இருக்கும். மூவரையும் ஒன்றாக உட்காரவைக்க வேண்டும். ஆனால் ஒரே மைக்கில் பதிவு செய்தால் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் ஏறிய இடத்தைப் பிறகு பிரிக்க முடியாது. ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு தடம் என்று கேட்டுக்கொள்ளுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காரவையுங்கள். பாட்டியாகப் பேசுகிறவரிடம் முதல் தடவை தாளைக் கொடுக்காமல் கதையின் வரிசையை மட்டும் சொல்லி, உங்கள் போக்கில் சொல்லுங்கள் என்று விட்டுப் பதிவு செய்வது நல்லது. அதை எழுதியெடுத்து ஸ்கிரிப்டைத் திருத்தினால் "கூறியது", "சென்றது" எல்லாம் தானாக உதிர்ந்துவிடும்.

ஆக, என் தேர்வு மூன்றாவது வழிதான், அறையை அநேகமாகக் காட்டாமல். பதிவுக்கு ஒரே ஒரு குரல்தான் கிடைக்கும், அல்லது வரைய ஒரே ஆள்தான் என்றால் இரண்டாவது வழியை எடுப்பேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாவதில் பாட்டியின் முகத்தைக் காட்டுவதில்லை. தொடக்கத்தில் எட்டு விநாடி: பாட்டியின் மடி, அதில் சின்னவளின் தலை, தலையைக் கோதும் கை, பக்கத்தில் பெரியவனின் முழங்கால். யாருடைய வாயும் தெரியாது, அதனால் உதட்டசைவும் கிடையாது. "ஒரு ஊர்ல ஒரு குருவி இருந்துச்சாம்." "உம்." கோதும் விரல்களுக்கு நடுவிலிருந்து முடி இறகாக மாறிக் குருவி பறக்கிறது.

முடிவுக்கு நீதி தேவைப்படவில்லை, உம் கொட்டுவதே அந்த வேலையைச் செய்துவிட்டது. சங்கிலி அவிழும்போது பெரியவனும் சின்னவளும் போட்டி போட்டுக் கத்துகிறார்கள். தச்சன் கட்டையைப் பிளக்கிறான், மணி உருண்டு வருகிறது. "குருவி மணியை எடுத்துக்கிட்டுப் போச்சாம்." இரண்டு உம். "கூட்டுக்குப் போச்சாம்." ஒரு உம் மட்டும், அது பெரியவனுடையது. "அங்க போய்..." என்று பாட்டி ஆரம்பிக்கிறார். உம் வரவில்லை. இரண்டு விநாடி சத்தமே இல்லை. படத்தில் குருவி அலகில் மணியோடு நம் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கூட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிறது. அந்தக் கூடு பாட்டியின் மடியாக மாற எடுத்துக்கொள்வது நான்கு விநாடி. அங்கிருந்து பெயர்கள் ஓட ஆரம்பிக்கலாம்.